பெயர் தெரியாத அதிகாரிக்குக் கடிதம்: ‘ஐயா’வா, ‘அம்மையீர்’ஆ?

உங்கள் மகள் எழுதி வைத்திருக்கும் கடிதத்தைப் பார்த்தேன், அம்மா. தற்காலிகப் பட்டச் சான்றிதழில் முன்னெழுத்து ‘எம்’ என்பதற்குப் பதிலாக ‘என்’ என்று அச்சாகிவிட்டது. அதைத் திருத்தித் தரும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். அதிகாரியின் பெயர் தெரியாததால் கடிதம் நான்கு நாளாக நிற்கிறது என்கிறீர்கள். பெயர் தெரியாததே நல்லது. போன வருடம் இருந்தவர் பெயரைத் தேடி எடுத்து எழுதி, அவர் வேறிடம் போயிருந்தால், அது அவருடைய சொந்தக் கடிதமோ என்று யாராவது ஒதுக்கி வைத்துவிட வாய்ப்புண்டு. பதவி அங்கேயேதான் இருக்கும். ஆகவே பெறுநர் இடத்தில் ‘தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்’ என்று எழுதி, கீழே பல்கலைக்கழகத்தின் பெயர், ஊர், அஞ்சல் குறியீட்டு எண் போட்டால் போதும்.

இனி விளிப்பு. அவள் ‘மாண்புமிகு ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கியிருக்கிறாள். ‘மாண்புமிகு’ அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் போடுவது. அலுவலருக்கு ‘மதிப்பிற்குரிய’ போதும். அதுகூட இல்லாமல் வெறும் ‘ஐயா/அம்மையீர்,’ என்று தொடங்கினாலும் மரியாதைக் குறைவில்லை, அரசுக் கடிதங்களே அப்படித்தான் போகின்றன. அந்த நாற்காலியில் இருப்பவர் பெண்ணாக இருந்தால் ‘ஐயா’ மட்டும் போட்ட கடிதம் உறுத்தும். பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்தோ, அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டோ யார் என்று தெரிந்துகொண்டால், இரண்டில் பொருந்துவதை மட்டும் வைக்கலாம். தெரியாவிட்டால் இரண்டும் இருக்கட்டும். ‘அன்புள்ள’ வேண்டாம், அது பழகியவர்களுக்கு.

ஆங்கிலத்தில் எழுதினால் ‘ரெஸ்பெக்டட் சார்/மேடம்’ நம் நாட்டு அலுவலகங்களில் செல்லும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு என்றால் ‘டியர் சார் ஆர் மேடம்’; முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்பதைப் பலர் கடிதத்துக்கும் போடுகிறார்கள். அது யாரிடம் காட்டப்போகிறோம் என்று முன்கூட்டித் தெரியாத சான்றிதழின் தலைப்பு. நாம் எழுதுவதோ இன்ன பதவிக்கு என்று தெரிந்தே.

உண்மையில் கவனம் வேண்டியது முதல் வரியில். கடிதம் நேராக அதிகாரியின் மேசைக்குப் போவதில்லை. தபால் பிரிவில் பதிவாகி, உரிய பிரிவுக்குப் போய், அங்குள்ள உதவியாளர் கையில்தான் முதலில் பிரிகிறது. அவருக்குத் தேவை இரண்டே: இது யாருடைய பதிவு, என்ன செய்யச் சொல்கிறார்கள். உங்கள் மகளின் கடிதம் இப்படித் தொடங்குகிறது: ‘தங்கள் மேலான சமூகத்திற்கு மிகவும் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில், நான் ஒரு ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள்.’ பதிவு எண் மூன்றாம் பத்தியில் வருகிறது. முன்னெழுத்துப் பிழை அதற்கும் கீழே. குடும்ப நிலைமை கட்டணச் சலுகை கேட்கும் கடிதத்தில் முதலில் வரலாம். பெயர்த் திருத்தத்துக்கு அதனால் பயனில்லை.

‘பொருள்’ வரியில் ‘தற்காலிகப் பட்டச் சான்றிதழ் – முன்னெழுத்துத் திருத்தம் கோருதல் – தொடர்பாக’ என்று போட்டுவிட்டு, கடிதத்தை இப்படித் தொடங்கச் சொல்லுங்கள்:

‘வணக்கம். தங்கள் பல்கலைக்கழகத்துடன் இணைந்த (கல்லூரியின் பெயர்) கல்லூரியில் 2021–24ஆம் ஆண்டுகளில் இளநிலை வணிகவியல் பயின்றேன்; என் பதிவு எண் (…). எனக்கு வழங்கப்பட்ட தற்காலிகப் பட்டச் சான்றிதழில் முன்னெழுத்து ‘எம்’ என்பதற்குப் பதிலாக ‘என்’ என்று அச்சாகியுள்ளது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி அதைத் திருத்தி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

இதில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. ‘உடனடியாகத் திருத்தித் தரவும்’ என்று எழுதினால் அது மேலதிகாரி கீழே அனுப்பும் குறிப்பு போல ஒலிக்கும். சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேதி வந்திருந்தால் அந்தத் தேதியை அடுத்த வரியிலேயே சொல்லி, அழைப்புக் கடிதத்தின் நகலை இணைக்கலாம். ‘அவசரம்’ என்ற சொல்லைவிடத் தேதி வேலை செய்யும்.

அனுப்புமுன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இப்படிப்பட்ட திருத்தங்களுக்குத் தனிப் படிவமும் கட்டணமும் இருக்கலாம்; முதல்வர் வழியாகத்தான் வர வேண்டும் என்றும் சொல்லலாம். அப்படியானால் பெறுநர் முகவரிக்குக் கீழே ‘வழி: கல்லூரி முதல்வர்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விளிப்பு மாறாது, ஏனென்றால் கடிதம் இன்னும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத்தான்.

பதில் வந்தால் அதில் கையெழுத்திட்டவர் பெயர் இருக்கும். அடுத்த கடிதத்தையும் பதவிக்கே எழுதச் சொல்லுங்கள். மாற வேண்டியது முதல் வரி மட்டும்: பதிலில் ‘ந.க. எண்’ என்று போட்டிருக்கும் கோப்பு எண்ணையும் தேதியையும் ‘பொருள்’ வரிக்குக் கீழே ‘பார்வை’ என்ற வரியில் குறித்துவிட்டு, ‘பார்வையில் காணும் கடிதத்தில் கோரியபடி…’ என்று தொடங்கினால், உதவியாளர் பழைய கோப்பை உடனே எடுத்துவிடுவார்.