ஒரு வரி போதும்

அன்புள்ள சார்,

ஒரு வெளிநாட்டுச் சிறுகதையை அதன் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வாங்கி மொழிபெயர்த்து என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். முகமில்லாத ஒருவர் வந்து, "எவனோ எழுதினதைச் சுட்டுப் போட்டுட்டு எழுத்தாளர்னு பீத்திக்கிறியா, போய் வீட்டு வேலையப் பாரு" என்று எழுதிவிட்டுப் போனார். பதில் சொன்னால் வளரும், சும்மா விட்டால் உண்மை என்று நினைப்பார்கள், மறைத்தால் பயந்துவிட்டாள் என்பார்கள். தோழிகளைப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நானும் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

போடாதீர்கள். நல்ல உரைநடைதான், கோபத்திலும் உங்கள் வாக்கியம் தடுமாறவில்லை, அதற்காக ஒரு சபாஷ். ஆனால் அவ்வளவையும் அந்த ஒருவரைப் பார்த்தே எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களிடம் பதில் கேட்டு வரவில்லை. உங்கள் முகம் சிவப்பதைப் பார்க்க வந்தார். கீழே ஒன்றும் எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு மட்டும்தான் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு ஒரு பக்கம் எதற்கு?

முதலில் தோழிகள் விஷயம். இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். ஐந்து பேர் போய் ஆளுக்கொரு பதில் எழுதினால், பதில் அதிகம் விழுந்த கருத்தைத் தளம் மேலே கொண்டுவந்து வைக்கும், அவருடைய கைபேசியும் ஐந்து முறை மணியடிக்கும். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஜஸ்டின் செங் என்பவரும் சகாக்களும் நான்கு பெரிய செய்தித் தளங்களின் வாசகர் கருத்துகளை ஆராய்ந்தார்கள். எதிர்ப்பு வாங்கியவர்கள் அதற்குப் பிறகு இன்னும் அதிகமாக எழுதினார்கள், முன்பைவிட மோசமாகவும் எழுதினார்கள். யாருமே கண்டுகொள்ளாதவர்கள்தான் அதிகமாக விலகிப் போனார்கள். உங்கள் தோழிகளுக்கு இன்றைக்கே சொல்லுங்கள், எழுதியதை எடுத்துவிடட்டும். அன்பில்தான் செய்தார்கள், தெரியும். இருந்தாலும் எடுக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர். நான் எழுத வந்த புதிதில் அவருக்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்தேன். மொட்டைக் கடிதங்கள் நிறைய வரும். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் படிப்பார். அப்பன் ஆத்தாளை இழுத்திருப்பார்கள், பிறப்பை இழுத்திருப்பார்கள், பென்சில் அசையாது. சரிபார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று வந்தால் மட்டும் அதன் அடியில் கோடு விழும். கோடே விழாத கடிதத்தில் வந்த தேதியைக் குறித்துக் கோப்பில் போட்டுவிடுவார், கிழிக்க மாட்டார். ஒருமுறை, 'போன இதழ்க் கவிதை ஏற்கெனவே வேறொன்றில் வந்ததுதானே, எத்தனை வாங்கினாய்' என்று ஒரு கடிதம். முதல் பாதிக்குக் கோடு, இரண்டாம் பாதிக்கு ஒன்றுமில்லை. கவிஞரிடம் விசாரித்துவிட்டு அடுத்த இதழில் ஒரு வரி போட்டார்: 'சென்ற இதழில் வந்த கவிதை இதற்கு முன் வேறெங்கும் வெளியாகவில்லை.' கடிதம் வந்தது என்றுகூடச் சொல்லவில்லை. 'பெயர் போடத் துணிவில்லாத நண்பருக்கு' என்று முன்னால் சேர்த்தால் சுருக்கென்று இருக்குமே என்றேன். "அதை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் காட்டுவான்டா" என்றார்.

உங்கள் ஆள் எழுதியதிலும் அப்படிக் கோடு போட்டுப் பாருங்கள். 'எவனோ எழுதினதைச் சுட்டு' என்பதற்கு மட்டும் விழும். அது குற்றச்சாட்டு, அனுமதி வாங்கினீர்களா இல்லையா என்று பார்த்துவிட முடியும், சும்மா விட்டால் நல்லவர்களுக்கும் சந்தேகம் தட்டும். பீத்தல், வீட்டு வேலை இதெல்லாம் வசவு. வசவுக்குப் பதில் கிடையாது. அது மட்டுமே வந்திருந்தால் மறைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

இனி அந்த ஒரு வரி. உங்கள் ஒரு பக்கத்தைச் சுருக்கினால் இப்படி வருகிறது: 'ஐயா, நான் திருடவில்லை, முறையாக அனுமதி வாங்கித்தான் செய்தேன், தெரியாமல் பேசாதீர்கள்.' இதில் 'ஐயா' அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. 'திருடவில்லை' என்று நீங்களே சொன்னால், மேலே இருப்பதைக் கவனிக்காதவர்கூட 'என்ன திருட்டு?' என்று தேடிப் போவார். 'தெரியாமல் பேசாதீர்கள்' என்பதைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு வாரம் ஓட்டுவார். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அனுமதி மட்டும்தான். ஆக, 'மூல ஆசிரியரின் எழுத்துபூர்வமான அனுமதியுடன் வெளியாகும் மொழிபெயர்ப்பு இது. விவரம் தலைப்புக்குக் கீழே உள்ளது.' இவ்வளவு போதும். கேள்விக்குறி வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம், கைகூப்பும் பொம்மை கண்டிப்பாக வேண்டாம். அவருடைய கருத்தைக் கையால் மூடிக்கொண்டு உங்கள் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். சண்டை நடந்த வாடையே வரக் கூடாது, வந்தால் இன்னும் வெட்டுங்கள்.

ஆனால் ஒன்று. நீங்கள் அனுமதி விவரத்தைக் கதையின் கடைசியில், 'நன்றி'க்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், நானே தேடித்தான் பார்த்தேன். முதலில் அதைத் தலைப்புக்குக் கீழே கொண்டுவாருங்கள், அப்புறம் அந்த வரியைப் போடுங்கள். அவருக்குப் பதில் எழுதுவதுபோல் அவருடைய கருத்தின் கீழே போடாதீர்கள். தனிக் கருத்தாகப் போடுங்கள். கீழே போட்டால் அவருடையதை மறைக்கும்போது உங்களுடையதும் சேர்ந்து போய்விடும். மறைப்பதற்கு முன்னால் தேதியும் கணக்கின் முகவரியும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மறைத்தால் பயந்துவிட்டாள் என்பார்களே என்கிறீர்கள். யார் சொல்வார்கள்? ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு கருத்தை மறைத்தால் எழுதினவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது அப்படியேதான் தெரியும், அறிவிப்பும் போகாது. பலருக்கு மறைத்த விஷயமே தெரியவராது. எக்ஸ் தளத்தில்தான் இந்தச் சங்கடம். அங்கே மறைத்த பதிலைப் பார்க்க ஒரு குறி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அதைத் தட்டிப் பார்க்கலாம், அதனால் மறைத்தது தெரிந்துவிடும், அதைப் படம் பிடித்துப் போட்டு ஆட்டமும் போடுவார்கள். அங்கே பெரும்பாலும் அப்படியே கிடக்க விடுவதுதான் நல்லது. மிரட்டினாலோ, வீட்டு முகவரியையோ குழந்தையின் படத்தையோ இழுத்தாலோ அது வம்பு என்கிற கணக்கிலேயே வராது, படம் எடுத்துக்கொண்டு நேராகப் புகார் கொடுங்கள்.

நக்கலாகப் பதில் சொல்லலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு வரும், எனக்குத் தெரியும். நூறு பேர் கைதட்டுவார்கள். அப்புறம் அவரும் பந்தயத்துக்கு வந்துவிடுவார், உங்களுடைய இரண்டாவது நக்கல் முதலாவதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று நீங்கள் ராத்திரி முழுக்க வார்த்தை தேடுவீர்கள். அந்த நேரத்தில் ஒரு கதை மொழிபெயர்த்துவிடலாம்.

அவர் மறுபடி வருவார். 'எங்க அனுமதி, காட்டு' என்பார். காட்டாதீர்கள். காட்டினால் போலி என்பார். உங்கள் வரி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆனால் வேறு யாராவது மரியாதையாக, 'எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தீர்கள், ஆசிரியரை எப்படித் தொடர்புகொண்டீர்கள்' என்று கேட்டால் அவருக்கு விரிவாகவே பதில் எழுதுங்கள். நீங்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு பக்கத்தில் மூன்றாம் பத்தி, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிய கதையைச் சொல்கிறதே, அதை அப்படியே எடுத்துப் போடலாம், நன்றாக வந்திருக்கிறது.