டேம்பரை 15 கிலோவுக்கு அழுத்த வேண்டியதில்லை

"அண்ணா நகரில் ஒரு காபி கடையில் எட்டு மாதமாக பாரிஸ்டாவாக இருக்கிறேன். 10 மணி நேர ஷிஃப்ட், நாளைக்கு 180 காபி வரை போகும். காபித் தூளை டேம்பரால் அழுத்தும் ஒவ்வொரு டேம்ப்புக்கும் 15 கிலோ அழுத்தம் கொடுக்கணும் என்று டிரெய்னர் சொன்னார். இப்போது வலது மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் வலி. சாயங்காலம் தோள்பட்டையும் இறுகிவிடுகிறது. மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். சரியாகிவிடுமா?"

பட்டையால் சரியாகாது. முதலில் அந்த 15 கிலோவை விடுங்கள். 180 முறை 15 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 2,700 கிலோ. ஒரே மணிக்கட்டு எப்படித் தாங்கும்? நீங்கள் அழுத்தி முடித்தபின் மெஷின் 9 பார் அழுத்தத்தில் தண்ணீரை விடுகிறது. தூள் இருக்கும் 58 மி.மீ. கூடையில் அது 200 கிலோவுக்கு மேல். அதன் முன்னால் உங்கள் 10 கிலோவுக்கும் 15 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமேயில்லை. தூள் இதற்கு மேல் இறங்காது என்று கை உணர்ந்ததும் நிறுத்துங்கள். மேற்பரப்பு மட்டமாக இருந்தால் போதும். ஷாட் வேகமாக ஓடினால் கிரைண்டரை இன்னும் நைஸாக வையுங்கள், அதற்காகக் கூடுதலாக அழுத்தாதீர்கள்.

நிற்கும் விதத்தையும் மாற்றுங்கள். கவுண்டருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை டேம்பருக்கு நேர் மேலே கொண்டுவந்து, மணிக்கட்டை மடிக்காமல் உடம்பைச் சற்றே சாய்த்தால் எடை தானாக இறங்கும். டேம்ப் செய்யும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறதென்றால் கவுண்டர் உங்களுக்கு உயரம் என்று அர்த்தம். காலுக்கடியில் வழுக்காத பலகை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று தெரிய, எடை பார்க்கும் மெஷினைக் கவுண்டரில் வைத்து அதன் மேல் ஒருமுறை டேம்ப் செய்து பாருங்கள். முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால் அசந்துவிடுவீர்கள்.

டேம்பரை விட்டுவிட்டால் அடுத்த சந்தேகம் மெஷினில் இருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் மேல்தான். என்னிடம் வந்த ஒரு பெண் டேம்ப் சரியாகத்தான் செய்தார், வலி மட்டும் குறையவேயில்லை. கடைக்கே போய்ப் பார்த்தேன். தூள் கூடையைத் தாங்கும் போர்ட்டாஃபில்டரை மெஷினில் மாட்டும்போது கைப்பிடி நடுவில் நிற்காமல் நன்றாக வலதுபுறம் தாண்டிப் போனது. கடைசியில் தோளால் ஒரு இழுப்பு இழுத்துத்தான் பூட்டினார். சூட்டில் கெட்டியாகித் தேய்ந்துபோன கேஸ்கெட். சில நூறு ரூபாய்க்கு மாற்ற வேண்டியதை முதலாளி ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்தார். மாற்றிய மூன்றாவது வாரத்தில் அந்தப் பெண்ணின் தோள் வலி பாதியாகக் குறைந்தது. உங்கள் மெஷினில் கைப்பிடி எங்கே நிற்கிறது என்று நாளைக்கே பாருங்கள்.

பாலுக்கு வருவோம். முதலில் ஒரு சின்ன சோதனை. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். பெருவிரல் அடியில் சுரீர் என்றால், அங்கே தசைநாணைச் சுற்றியுள்ள உறை உரசி வீங்கியிருக்கலாம். பால் ஜக்கைப் பெருவிரலால் இறுக்கிப் பிடிப்பது இதற்கு முக்கியமான காரணம். ஒரு கப்புக்கு வேண்டிய பாலை மட்டும் ஊற்றுங்கள். ஸ்டீம் செய்யும்போது முழங்கை விலாவை ஒட்டியிருக்கட்டும். ஊற்றும்போது மற்ற கையால் கப்பைச் சாய்த்துக்கொண்டால் மணிக்கட்டு அவ்வளவு திரும்ப வேண்டியதில்லை.

பட்டை விற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பட்டையை மாட்டிவிடுகிறார்கள். விறைப்பான பட்டை மணிக்கட்டு அசையாமல் தடுக்கும், அந்த வேலையைத் தோள் செய்யும். உங்கள் தோள் இறுகுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். காந்தம் வைத்த பட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வலி இல்லாமல் மரத்துப்போகிறது, அதுவும் ராத்திரியில், அதுவும் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் என்றால் அது வேறு சங்கதி. மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது. தூங்கும்போது மணிக்கட்டு மடங்குவதால் கையை உதறி எழுவீர்கள். அப்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை உதவும், ஆனால் தூங்கும்போது மட்டும். வேலையில் கழற்றிவிடுங்கள். சுண்டுவிரல் மட்டும் மரத்தால் அது இந்த நரம்பு இல்லை. பிடி தளர்ந்து கையிலிருந்து பொருள் விழ ஆரம்பித்தால் பட்டையை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

எங்கே போவது? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உங்களுக்கு இருக்க வேண்டும். ஆனால் ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் சிலர் 0.75 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுவதில்லை. வலி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் பதிவே இல்லை என்று தெரிகிறது. எத்தனை பேரிடம் இதைக் கேட்டுவிட்டேன்! சம்பளச் சீட்டில் காப்பீட்டு எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். 2021-லேயே தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. உங்கள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா?