இடப்பக்கம் மட்டும் காணாமல் போவது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அப்பாவுக்கு மூளையின் வலது பக்கம் ஸ்ட்ரோக் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்கிறார். கண் டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்கிறார். அப்பா பிடிவாதம் பிடிக்கிறாரா?

பிடிவாதம் இல்லை. தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள். மீதி இருந்ததையும் சாப்பிட்டு முடிப்பார். உணவு அங்கேயேதான் இருந்தது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வலது பெரைட்டல் மடலில், அதாவது காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாக இருக்கும் பகுதியில், அடிபட்டால் இப்படி ஆகும். டாக்டர்கள் இதை ‘நெக்லெக்ட்’ என்பார்கள்.

பார்வைப் புலத்தில் இடது பாதி போவது வேறு. அப்படிப் பார்வை போனவருக்கு நாளடைவில் அது தெரிந்துவிடும், தலையைத் திருப்பித் தேடுவார். நெக்லெக்ட் உள்ளவர் தேடவே மாட்டார். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் பார்வைப் புலத்தையும் சோதித்துவிடுவது நல்லது.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, அவருக்கு நேர் எதிரே வைத்து, நடுவில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நாம் வைத்தால் சில மில்லிமீட்டர்தான் தவறும். இவருடைய புள்ளி பல சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளிப் போகும். அப்புறம் இன்னொரு தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகளை இறைத்துப் போட்டு, எல்லாவற்றையும் பேனாவால் குறுக்கே அடிக்கச் சொல்லுங்கள். வலப்பக்கத்துக் கோடுகளை அடித்துவிட்டு "முடிந்தது" என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நான் பார்த்த ஒருவர் கடிகாரம் வரைந்தபோது, ஒன்று முதல் பன்னிரண்டு வரை அத்தனை எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கியடித்து எழுதினார். அன்று அவர் சட்டையின் இடது கை தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் மாமா ஒப்புக்கொள்வதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். ஏன்?

கண் முன்னால் இருப்பது மட்டும்தான் போகிறது என்றால் சொல்லிப் புரியவைக்கலாம். மனத்துக்குள் இருக்கும் படத்திலும் இடது பாதி போய்விடும்போது என்ன செய்வது?

1978இல் இத்தாலியின் மிலான் நகரில் பிசியாக், லுட்சாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அவர்களுடைய நோயாளிகளுக்கு அந்த ஊரின் பேராலயச் சதுக்கம் பழகிய இடம். கண்ணெதிரே எதுவும் இல்லை, நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். "பேராலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். நோயாளிகள் பெரும்பாலும் வலப்பக்கத்துக் கட்டடங்களைத்தான் சொன்னார்கள். "சரி, இப்போது பேராலய வாசலிலிருந்து சதுக்கத்தைப் பார்க்கிறீர்கள்" என்றதும், முன்பு விட்டுப்போன கட்டடங்கள் வரிசையாக வந்தன. சற்று முன் சொன்னவை இப்போது இடப்பக்கம் போய்விட்டதால் காணாமல் போயின. நினைவு முழுதாக இருந்தது. அதில் எந்தப் பாதியை எட்ட முடிந்தது என்பதுதான் மாறியது.

உங்கள் மாமாவுக்கும், இல்லாமல்போனதைத் தேட ஓர் இடமே மனத்தில் இல்லை. தன் குறையே தனக்குத் தெரியாமல் போவது இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வருவதுதான். வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கோட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினால் சில நேரம் அவரே திகைத்துப்போய்ப் பார்ப்பார்.

அம்மாவுக்கு இடது மூளையில் ஸ்ட்ரோக். அவருக்கு வலப்பக்கம் இப்படி ஆகவில்லையே?

ஆகலாம், ஆனால் அவ்வளவு கடுமையாக நீடிப்பது குறைவு. வலது மூளை இரு பக்கத்தையும் கவனிக்கிறது, இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். இடது மூளை அடிபட்டால் வலது மூளை ஈடுகட்டிவிடும். வலது மூளை அடிபட்டால் இடப்பக்கத்துக்கு ஆளில்லை.

பயிற்சியாக வீட்டில் என்ன செய்யலாம்? அவருக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

மாத்திரை, மருத்துவர் சொன்ன தகவல் போன்ற முக்கியமான விஷயங்களை வலப்பக்கம் நின்று சொல்லுங்கள். கேட்கவே இல்லை என்றால் பயனில்லை. மற்ற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கும் இடப்பக்கத்துக்கும் நகருங்கள். செய்தித்தாளின் இடது ஓரத்தில் பட்டையாக ஒரு சிவப்புக் கோடு போட்டு, "சிவப்பு தெரிகிற வரைக்கும் போய், அங்கிருந்து படியுங்கள்" என்று ஒவ்வொரு வரிக்கும் பழக்குங்கள். தட்டின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டலாம். வெறுமனே "இடது பக்கம் பாருங்கள்" என்று சொல்வது அந்த நிமிடத்தோடு போய்விடும்.

பார்வையைச் சுமார் 10 டிகிரி வலப்பக்கம் நகர்த்தும் பிரிசக் கண்ணாடியை மாட்டி, இலக்கை மீண்டும் மீண்டும் தொடவைக்கும் பயிற்சியும் உண்டு. கழற்றிய பின் கை தானாகவே இடப்பக்கம் சாயும், கவனமும் கொஞ்சம் அந்தப் பக்கம் வரும். பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, எனவே பயிற்சியாளர் துணையோடு மட்டும் செய்யுங்கள். முன்னேற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக இருக்கும். சிலருக்கு இது நீடித்தும் விடுகிறது.

தாளில் எல்லாக் கோடுகளையும் சரியாக அடிக்கிறார். ஸ்கூட்டர் ஓட்டலாமா?

இப்போது வேண்டாம். அமைதியான அறையில் நேரம் எடுத்து அடிப்பவர்கூட, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏதாவது நடந்தால் இடப்பக்கத்தைத் தவறவிடலாம். அவருக்கு எதிரே நின்று, அவர் உங்கள் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரு கைகளையும் விரித்து விரல்களை அசையுங்கள். தனித்தனியே அசைத்தால் இரண்டையும் சொல்கிறார், சேர்த்து அசைத்தால் தன் வலப்பக்கம் மட்டும் என்கிறார் என்றால், நெக்லெக்ட் இன்னும் முழுதாகப் போகவில்லை. இதில் தேறினாலும், நியூராலஜி மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை சாவியை அவரிடம் தராதீர்கள்.