அடிக்குறிப்பில் டெனன்ட்

அன்பின் ஐயா,
வரலாறு படிக்கும் இறுதியாண்டு மாணவன் நான். இலங்கை பற்றிய பழைய ஆங்கில நூல்களின் அடிக்குறிப்புகளில் சி.எஃப், பாசிம், ஒப் சிட் என்று வருகின்றன. அகராதியில் பார்த்தும் குழப்பம் தீரவில்லை. அவற்றை என் ஆய்வேட்டில் அப்படியே எடுத்துப் போடலாமா?
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

பாசிம் பெரிய விஷயமில்லை. சொல்ல வந்தது அந்த நூலில் அங்கங்கே பரவிக் கிடக்கிறது, ஒரு பக்கத்தைக் காட்ட முடியாது என்பதற்கு அதைப் போடுவார்கள். சி.எஃப் என்றால் 'ஒப்பிட்டுப் பார்'. அதை ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே காட்டப்படுபவர் நேர்மாறாகவும் சொல்லியிருப்பார்.

ஒப் சிட்தான் கொஞ்ச நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. 'முன்பு சொன்ன நூலில்' என்று அர்த்தம். எந்த நூல் என்பதை நாம்தான் தேட வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் 'டெனன்ட், ஒப் சிட், ப. 120' என்று இருப்பதாக வையுங்கள். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1850இல் இலங்கையில் கிறிஸ்தவம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1859இல் 'சிலோன்' இரண்டு பாகங்களாக வந்தது. 1861இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி இன்னொன்று. இவற்றில் எதன் 120ஆம் பக்கம்?

அடிக்குறிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போங்கள். டெனன்டின் பெயர் முழுத் தலைப்போடு வரும் இடம்தான் உங்களுக்கு வேண்டும். வழியில் அவருடைய இரண்டு நூல்கள் தட்டுப்பட்டால், பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதே. ஆனால் எல்லா ஆசிரியர்களும் அப்படிக் கவனமாக இருந்ததில்லை. 'இரண்டாம் பாகம்' என்று குறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது 'சிலோன்'. மற்ற இரண்டும் ஒரே பாகம். அப்புறம் பதிப்பைப் பாருங்கள். 'சிலோன்' 1860க்குள்ளேயே பல பதிப்புகள் கண்ட நூல். உங்கள் கையில் உள்ள பதிப்பில் அந்தப் பக்கத்தில் விஷயம் இல்லையென்றால், அத்தியாயத்தை வைத்துத் தேடுங்கள்.

'அப்படியே எடுத்துப் போடலாமா' என்று கேட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். ஒருமுறை ஓர் ஆய்வேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் 'டெனன்ட், ஒப் சிட்' என்று ஒரு குறிப்பு. முதல் பக்கம் வரை திரும்பிப் போனேன். டெனன்டின் எந்த நூலும் அங்கே சொல்லப்படவே இல்லை. எழுதியவர் டெனன்டைத் திறக்கவில்லை, இன்னொருவரின் அடிக்குறிப்பைப் பிரதி பண்ணியிருக்கிறார். அந்த இன்னொருவரின் நூலில் 'முன்பு' என்று ஓர் இடம் இருந்தது, இவருடைய ஏட்டில் அது இல்லை. பிறகு கொழும்பு நூதனசாலை நூலகத்தில் டெனன்டையே எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ இருந்தது. முதல் ஆசிரியரின் அச்சுப்பிழையும் சேர்ந்தே வந்திருக்கிறது.

நீங்கள் அதைச் செய்யாதீர்கள் தம்பி. நூலைத் திறந்து பார்த்தால் ஆசிரியர் பெயர், சுருக்கமான தலைப்பு, பாகம், பக்கம், எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுதுங்கள். பார்க்கக் கிடைக்கவில்லை என்றால், இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று வெளிப்படையாகப் போடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

எந்தக் குறிப்பில் சிக்கியிருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே. நூலின் பெயரையும் பக்கத்தையும் அனுப்புங்கள், சேர்ந்து தேடுவோம்.