பேரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் "அண்ணே!" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல எல்லாரும் சௌக்கியமா? பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்று விசாரித்தார். எனக்கு யாரென்றே பிடிபடவில்லை. "சேகர்தானே?" என்றேன். "ஆமாண்ணே" என்றார். போன் நம்பரும் வாங்கிக்கொண்டு போனார். எந்த சேகர் என்று இன்னும் தெரியவில்லை. எனக்கு மறதி நோயா, அவர் ஏமாற்றுக்காரரா?

உளவியல் ஆலோசகர் பதில்:

இந்த ஒன்றை வைத்து மறதி நோய் என்று யாரும் சொல்ல முடியாது. நித்தம் போகிற தெருவில் வழி தவறினால் வாருங்கள், பார்க்கலாம். முகத்தை அறிவது ஒரு வேலை, பேரை எடுப்பது வேறொரு வேலை. முகத்தை அது இருக்கிற இடத்தோடு சேர்த்துத்தான் மனம் வைத்துக்கொள்கிறது. தினமும் கறி வெட்டித் தருபவரைப் பஸ்ஸில் பார்த்தால் யாரென்று விழிப்போம். ஜார்ஜ் மேண்ட்லர் என்ற உளவியலாளர் 1980-இல் எழுதிய உதாரணமே இதுதான். கடையில் நிறுத்திப் பாருங்கள், பேர் தானாக வந்துவிடும். பிறவியிலேயே முகம் பிடிபடாதவர்கள் சிலர் உண்டு, அது தனிக் கதை.

என் கவலை உங்கள் மறதி இல்லை, அந்த 'சேகர்தானே?'. நீங்கள் எழுதியதையே திரும்பப் படியுங்கள். அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு சொல் சொன்னாரா? ஆபீஸும் பிள்ளைகளும் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் கேட்கக்கூடியவை. பேரைக் கொடுத்ததும் நீங்கள், நம்பரைக் கொடுத்ததும் நீங்கள். அவர் நிஜமாகவே சேகராக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் தெரிந்தவர் எதையாவது கொட்டுவார்: "நம்ம மூணாவது மாடில, லிஃப்ட் பக்கத்துல உக்காருவேனே." ஏமாற்றுபவர் உங்களிடமிருந்து வாங்கி உங்களிடமே விற்பார்.

சங்கடத்தில்தான் நாம் மாட்டுகிறோம். முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: "முகம் பார்த்த மாதிரி இருக்கு, பேர்தான் வரமாட்டேங்குது. எங்கே பழக்கம்?" பத்து நிமிடம் பேசிவிட்டுக் கேட்டால்தான் வருத்தம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், இடைவெளியை அவர் நிரப்பட்டும். "என்னண்ணே, என்னையே மறந்துட்டீங்களா" என்று மறுபடி மறுபடி கோபித்துக்கொண்டு பதில் மட்டும் சொல்லாவிட்டால் பஸ் வந்துவிட்டது என்று கிளம்புங்கள். இல்லாத ஆளைக் கேட்டுச் சோதிப்பதும் வேண்டாம். "பழனிசாமி எப்படி இருக்கார்?" என்று பொய்யாகக் கேட்டால், நல்ல மனிதரும் மரியாதைக்கு "நல்லா இருக்கார்" என்றுதான் சொல்வார். நீங்கள் "ஆமா ஆமா" போடவில்லையா?

ஒரே ஒரு இடத்தில் இப்படி நேராகக் கேட்காதீர்கள்: உங்கள் வீட்டுக் கல்யாணத்தில். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவர் "நீங்க யாரு?" என்றால் அந்தப் பகை அடுத்த தலைமுறைக்கும் போகும். அங்கே "எப்ப கிளம்புனீங்க, எந்த பஸ்?" என்று கேளுங்கள், ஊர் வந்துவிடும். ஊர் தெரிந்தால் பாதி உறவு தெரிந்த மாதிரி. மனைவியைக் கூப்பிட்டு "இவ என் வீட்டுக்காரி" என்று நிறுத்துங்கள். வந்தவர் தானே அறிமுகம் செய்துகொள்வார். அதுவும் நடக்கவில்லையா, அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டுப் பொறுத்திருங்கள். மொய் எழுதுகிறவர் பேரையும் ஊரையும் தகப்பனார் பேரையும் கூசாமல் கேட்பார், யாரும் கோபிப்பதில்லை. ராத்திரி நோட்டைப் புரட்டினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். என் தங்கை கல்யாணத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுத பெரியவர் யாரென்று மொய் நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

பணத்துக்கு வருவோம். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "சார், உங்க பழைய மாணவன்" என்றவரிடம் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று 8,000 ரூபாயைக் கையிலேயே கொடுத்துவிட்டார். காவல் நிலையத்தில், "நீங்களா கொடுத்துட்டு இங்க வந்தா?" என்று அனுப்பிவிட்டார்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது குற்றம், சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இருந்தும் புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்க அந்த மனிதர் மூன்று நாள் நடந்தார். நீங்கள் புகாரை எழுத்தில் கொடுத்து, ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். போன் வழியாகப் பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். தாமதமாகத் தாமதமாகப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும்.

உங்கள் சேகர் கூப்பிட்டால், "கடைசியா நாம எங்கே பார்த்தோம்?" என்று மட்டும் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டில் என்றால், அதற்கு முன்னால் எங்கே என்று கேளுங்கள்.