கோண இரும்பு சாய்ந்து வளையும்போது: முதன்மை அச்சும் ஆபத்தான மூலையும் (கேள்வி பதில்)

கேள்வி (பொறியியல் மாணவி): 120×80×10 மி.மீ. கோணம், 2 மீட்டர் இடைவெளியில் இரு முனைகளிலும் எளிய தாங்கல், நடுவில் 4 கிலோ நியூட்டன். நீளப் பக்கம் செங்குத்தாக நிற்கிறது. குட்டைப் பக்கம் அடியில் வலப்புறம் நீள்கிறது. M·y/I போட்டேன், மேல் விளிம்பில் 57.7 மெகாபாஸ்கல் வந்தது. விடைத்தாளில் 77 என்று இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: கூட்டல் கழித்தலில் நீங்கள் தவறவில்லை. அந்தச் சூத்திரம் இந்த வெட்டுமுகத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். கிடை அச்சைச் சுற்றித் திருப்புத்திறன் கொடுத்தால் கோணம் கிடை அச்சைச் சுற்றி மட்டும் வளைவதில்லை. பக்கவாட்டிலும் சேர்ந்து வளைகிறது. முதன்மை அச்சைச் சுற்றி வளைத்தால்தான் M·y/I செல்லும். இதில் கிடை அச்சு முதன்மை அச்சு அல்ல.

வேர் வளைவை விட்டுவிட்டு இரண்டு செவ்வகங்களாகவே எடுத்துக்கொள்வோம். பரப்பு 1900 ச.மி.மீ. வெளி மூலையிலிருந்து பரப்பு மையம் வலப்புறம் 19.74 மி.மீ., மேலே 39.74 மி.மீ. அந்த மையத்தைச் சுற்றிப் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன்கள்:

```
Ix  =  2.783 × 10^6 mm^4
Iy  =  1.003 × 10^6 mm^4
Ixy = -0.973 × 10^6 mm^4
```

மூன்றாவது வரியைத்தான் உங்கள் கணக்கு பார்க்கவே இல்லை. அது ஏறக்குறைய Iy அளவுக்கே பெரியது. ஒதுக்கிவிடக்கூடிய எண் அல்ல. Ixy பூஜ்யமாகும் அச்சுதான் முதன்மை அச்சு. அது சாயும் கோணம்:

```
tan 2θ = -2·Ixy / (Ix - Iy) = 1.093,  θ = 23.8°
I1 = 3.21 × 10^6,  I2 = 0.575 × 10^6 mm^4
```

வலிய அச்சு கிடைக்கோட்டிலிருந்து இடஞ்சுழியாக 23.8° ஏறி நிற்கிறது. மெலிந்த அச்சு அதற்குச் செங்குத்து. இரண்டுக்கும் இடையே ஐந்தரை மடங்கு வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

நடுவில் திருப்புத்திறன் 2 கிலோ நியூட்டன் மீட்டர். அதை அச்சுகளின் வழியே பிரித்தால் வலிய அச்சுக்கு 1.83, மெலிந்த அச்சுக்கு 0.81. மேல் முனையின் உள்பக்க மூலைக்கு, அதாவது செங்குத்துப் பக்கத்தின் உச்சியில் வலப்புற மூலைக்கு, வலிய அச்சு 44.1 மெகாபாஸ்கல் அமுக்கம் தருகிறது. மெலிந்த அச்சு இன்னொரு 32.9 சேர்க்கிறது. மொத்தம் 77.0. உங்கள் விடைத்தாள் சொல்வது இந்த மூலையைத்தான்.

கேள்வி (கட்டமைப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்): மெலிந்த அச்சுக்குப் போவது 0.81தானே, பாதிக்கும் குறைவு. பெரிய திருப்புத்திறன் போகும் வலிய அச்சை மட்டும் கணக்கிட்டுப் பத்து, இருபது சதவீதம் கூட்டிக்கொண்டால் போதாதா?

பதில்: திருப்புத்திறன் குறைவு என்பது சரி. அதைத் தாங்கும் I2 ஐந்தரை மடங்கு சிறியது என்பதை விட்டுவிட்டீர்கள். பக்கங்கள் இரண்டும் சந்திக்கும் வெளி மூலையைப் பாருங்கள். அங்கே வலிய அச்சு தருவது 16.2 மெகாபாஸ்கல் இழுவிசை; மெலிந்த அச்சு தருவது 47.8. மொத்தம் 64.0. முக்கால் பங்கு நீங்கள் விட்டுவிட நினைத்த பக்கத்திலிருந்து வருகிறது. இருபது சதவீதம் கூட்டினால் அங்கே 19.4தான் கிடைக்கும்.

சதவீதம் கூட்டும் எண்ணத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்க உருக்குக் கட்டுமானக் கழக விதிகளில், பக்கவாட்டுத் தடுப்பில்லாத சம பக்கக் கோணத்தைப் பக்கத்துக்கு இணையான அச்சில் வளைத்தால், எளிய கணக்கில் வரும் நெகிழ்வுத் திருப்புத்திறனின் 0.80 பங்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது சம பக்கத்துக்கு மட்டுமே. நம் கோணத்தின் மேல் முனையில் விகிதம் 57.7/77.0, அதாவது 0.75. வெளி மூலையிலோ எளிய கணக்கு 28.6 இழுவிசை காட்டுகிறது, உண்மை 64.0, இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே எண்ணால் எல்லா மூலைகளையும் சரிசெய்ய முடியாது.

கேள்வி (அதே மாணவி): ஐயா, அச்சைத் திருப்பாமல் நேரடிச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். பெரிய தகைவு 108 என்று வருகிறது, அதுவும் வெளிப்பக்க மேல் மூலையில். எது சரி?

பதில்: Ixy குறியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இதில் விழாதவர்கள் குறைவு. கீழே தொய்யும் வளைவுக்கு, இழுவிசையை நேர்க்குறியாகவும் y ஐ மேல்நோக்கியும் வைத்தால்

```
σ = -M·(Iy·y - Ixy·x) / (Ix·Iy - Ixy²)
```

Ixy = -0.973 என்று போட்டால் இது நம் எண்களில் σ = -(1.087·y + 1.054·x) ஆகிறது. நீங்கள் +0.973 போட்டிருந்தால் நடுவில் கழித்தல் வந்து சரியாக 108 கிடைக்கும். அது உங்கள் கோணத்துக்கான விடை அல்ல. குட்டைப் பக்கம் இடப்புறம் நீளும் கண்ணாடிப் பிம்பத்தின் தகைவை உங்கள் வடிவத்தின் மூலைகளில் ஒட்டியது.

இதைக் கண்டுபிடிக்க மறு கணக்கு தேவையில்லை, படமே போதும். கோணத்தின் இரண்டு நுனிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். இரும்பு பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே கிடக்கிறது. மெலிந்த அச்சும் ஏறக்குறைய அந்தத் திசையிலேயே ஓட வேண்டும். இங்கே நுனிக் கோடு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழ் நோக்கி இறங்குகிறது. மெலிந்த அச்சும் அப்படியே இறங்குகிறது. உங்கள் குறிப்படி வரைந்தால் அது நுனிகள் எதுவும் இல்லாத இரண்டு கால்பகுதிகளை நோக்கி ஓடும். நான் எந்தக் கோணத்துக்கும் எண்ணைத் தொடும் முன் இந்தக் கோட்டைப் போட்டுவிடுவேன்.

எண்ணாலும் சோதிக்கலாம். செங்குத்து அச்சைச் சுற்றி நீங்கள் திருப்புத்திறன் எதுவும் தரவில்லை. ஆகவே தகைவு × பரப்பு × x எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். குறி தவறினால் வராது.

கேள்வி (பட்டறை நடத்துபவர்): கூரைத் தகடுக்கு அடியில் எத்தனையோ வருடமாக ஆங்கிள் போட்டு வருகிறேன். எளிய கணக்கில்தான் அளவு எடுக்கிறோம். எதுவும் ஒடிந்ததில்லை. இவ்வளவு கணக்கு எதற்கு?

பதில்: உங்கள் அனுபவத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது நற்பேறு அல்ல. திருகாணியால் முடுக்கிய தகடு கோணத்தைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடித்திருக்கும். அப்படி முழுமையாகப் பிடித்தால் அது கிடை அச்சைச் சுற்றி மட்டும் வளையும், எளிய சூத்திரமும் சரியாகிவிடும். தனியே நிற்கும் கோணத்தில் நிலைமை வேறு. மேலே சொன்ன கோணத்தை யாரும் பிடிக்காமல் விட்டால், நடுவில் 1.8 மி.மீ. இறங்கும், கூடவே கிட்டத்தட்ட அதே அளவு, 1.76 மி.மீ., செங்குத்துப் பக்கத்தின் முதுகுப்புறமாக நகரும். எளிய கணக்கோ 1.2 மி.மீ. இறக்கம் மட்டும் என்று சொல்லும்.

தகடு போடும் முன் அதே கோணத்தில் பாரம் தூக்கி வைக்கும்போது அது பக்கவாட்டில் ஓடுவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அது இரும்பின் குறையன்று.

கேள்வி (ஒரு வாசகர்): தூணாக நிற்கும் கோணத்துக்கு மிகச் சிறிய ஆரத்தை எடுப்போமே, அதற்கும் இந்த 23.8° தானா?

பதில்: நீங்கள் கேட்பது அச்சுவழி அமுக்கத்தில் நெளிவது, இங்கே பேசுவது குறுக்குப் பாரத்தில் வளைவது. ஆனால் அச்சு ஒன்றேதான். தூணுக்கு நீங்கள் எடுப்பது √(I2/A). நம் கோணத்தில் அது 17.4 மி.மீ. இந்த விடைகளில் வரும் தகைவு எண்களைத் தூணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (வடிவமைப்புப் பொறியாளர்): எல்லா மூலைகளையும் பார்த்தீர்களா? குட்டைப் பக்கத்தின் நுனி கீழே இருப்பதால் அது இழுவிசையில்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுவார்கள். பாரம் எந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்றும் சொல்லவில்லையே.

பதில்: இரண்டும் நான் சொல்லியிருக்க வேண்டியவை. நடுநிலை அச்சு கிடையாக இல்லை. 44° சாய்ந்து, பரப்பு மையத்திலிருந்து வலப்புறமாக இறங்குகிறது. அதனால் குட்டைப் பக்கத்தின் நுனி அடியில் இருந்தும் அமுக்கத்தில்தான் இருக்கிறது: அடி மூலையில் 20.3, அதன் மேல் மூலையில் 31.2. ஆபத்தான மூலையைக் கண்டுபிடிக்க உயரத்தைப் பார்க்கக் கூடாது. நடுநிலை அச்சிலிருந்து செங்குத்துத் தொலைவைப் பார்க்க வேண்டும். இங்கே மேல் உள்மூலை அச்சின் ஒரு பக்கம் 51 மி.மீ., வெளி மூலை மறுபக்கம் 42 மி.மீ. உச்சியிலேயே வெளிப்பக்க மூலையில் 66.4தான் வருகிறது; பத்து மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் உள்மூலை அதை மிஞ்சுகிறது.

பாரம் சறுக்கு மையம் வழியாக, அதாவது முறுக்கு வராத புள்ளி வழியாகப் போவதாக எடுத்துக்கொண்டேன். கோணத்தில் அது இரு பக்கங்களின் நடுக்கோடுகள் வெட்டும் புள்ளி. பாரத்தைக் குட்டைப் பக்கத்தில் வெளி முதுகிலிருந்து 60 மி.மீ. தள்ளி வைத்தால் 55 மி.மீ. விலகல். முனைகள் முறுக்கைத் தடுத்தால் ஒவ்வொரு பாதியிலும் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு, அதனால் ஏறக்குறைய 17 மெகாபாஸ்கல் சறுக்குத் தகைவு, நடுவில் 1.3° திருகல். தகைவைவிடத் திருகல்தான் எனக்குக் கவலை தரும், ஏனெனில் வெட்டுமுகம் திரும்பினால் பாரத்துக்கும் முதன்மை அச்சுக்கும் இடையிலுள்ள கோணமும் மாறுகிறது.

கேள்வி (அதே பொறியாளர்): பட்டறைக்காரரின் தகடு பிடிப்பது போதும் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

பதில்: பிடிப்பு எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று சொல்ல முடியும். பக்கவாட்டு வளைவு பூஜ்யமாக இருக்க Ixy/Ix பங்கு, அதாவது பாரத்தின் 0.35 மடங்கு, பாரம் நிற்கும் இடத்திலேயே கிடையாகத் தாங்க வேண்டும். 4 கிலோ நியூட்டனுக்கு 1.4. தகடும் திருகாணியும் அதை எடுத்து, உறுதியான வேறொரு உறுப்பிடம் சேர்க்க வேண்டும். வரிசையாக எல்லாக் கோணங்களும் ஒரே பக்கம் நோக்கியிருந்தால் இந்த விசைகள் ஒரே திசையில் கூடிக்கொண்டே போகும். எதிரெதிராகத் திருப்பி வைத்தால் தகட்டுக்குள்ளேயே ஒன்றையொன்று ஈடுசெய்யும். அவருடைய கூரையில் எப்படி வைத்திருக்கிறார், தகட்டின் ஓரம் எதில் முடிகிறது என்று தெரியாமல் போதும் என்றோ போதாது என்றோ நான் சொல்லமாட்டேன். அதுவரை 77 மெகாபாஸ்கலையே வைத்துக்கொள்வேன்.