முகம் பார்ப்பதும் முகம் படிப்பதும்

கேள்வி: அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். பெண்ணின் அழகைப் பார்த்துத்தான் சரி என்றேன். "அழகெல்லாம் நாலு வருஷம், அப்புறம் அது கண்ணிலேயே படாது" என்கிறார்கள் பெரியவர்கள். உண்மையா? அப்படியானால் அந்த இடத்தில் என்னதான் வரும்?

நானும் போட்டோ பார்த்துச் சரி என்றவன்தான். 1991இல், எனக்கு 27 வயது, அவளுக்கு 22. பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து ஆத்தா அந்தப் போட்டோவைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தலையாட்டிவிட்டேன். பெண் பார்க்கப் போனபோது அவள் என்ன பேசினாள் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முகம் மட்டும் நினைவிருக்கிறது.

முதல் இரண்டு வருஷம் அந்த முகம் எனக்குப் பெருமை. கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ அவளோடு போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதை நான் பார்ப்பேன். அந்தப் பெருமையில் பாதி, மற்றவர் கண் வழியாக வந்தது என்று இப்போது தெரிகிறது. வீட்டுக்குள், இரண்டாம் கட்டில் உட்கார்ந்து அவள் கீரை ஆயும்போது அங்கே நாலு பேர் கிடையாது. அங்கே அழகு மெல்ல மெல்ல வேறு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. என்றைக்கு மாறியது என்று தேதி சொல்ல முடியாது. என்னவாக மாறியது என்பதும் 28 வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

2019 மார்கழி, பிள்ளையார் நோன்புக்குச் சில நாள் முன்பு. காலையில் வாய் கொப்பளித்தவள், "என்னங்க, தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது" என்றாள். இடது கடைவாய் தொங்கியிருந்தது. இடது கண் மூடவில்லை. வளவில் எல்லோரும் பக்கவாதம் என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். காருக்குள் ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்கு ஓடினோம்.

டாக்டர் முதலில் கேட்டது, "புருவத்தை மேலே தூக்குங்க." இடது புருவம் அசையவில்லை, நெற்றியின் அந்தப் பாதியில் சுருக்கமே விழவில்லை. கை, கால் பலமெல்லாம் சரியாக இருந்தது. மூளையில் வரும் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றி அசையும். நெற்றியும் சேர்ந்து நின்றுபோனால், முகத்துக்கு வரும் நரம்பில்தான் வீக்கமாக இருக்கும், இது முகவாதம் என்று விளக்கினார். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தால் குணமாகும் வாய்ப்பு கூடும், நல்லவேளை உடனே வந்தீர்கள் என்றார். (இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நெற்றியைப் பார்த்து வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். முகம் கோணினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.)

மாத்திரையை விடக் கண்தான் பெரிய வேலை. மூடாத கண் காய்ந்து புண்ணாகும். பகலில் மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து. ராத்திரி களிம்பு வைத்து, இமையை விரலால் இறக்கி, அது மறுபடி திறக்காதபடி டேப் ஒட்ட வேண்டும். கண்ணை மூடு என்றால் விழி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரியும். முதல் இரண்டு நாள் நான் ஒட்டிய டேப்புக்கு அடியில் இமை திறந்துகொண்டது. காலையில் கண் சிவந்து கரித்தது. டேப்பு விழியில் உரசினால் அதனாலேயே புண் வரும் என்று நர்ஸ் சொல்லி, இமை முழுசாக இறங்கியதா என்று பார்த்த பிறகே ஒட்டப் பழகினேன். ஆறு வாரம் தினமும் ராத்திரி அந்த முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண் பார்த்த அன்றுகூட அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை.

அந்த ஆறு வாரத்தில் எனக்கு ஒரு பெரிய குறை இருந்தது. முகம் கோணலாக இருக்கிறதே என்பதல்ல அது. அவள் மனசு எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுடைய இடது உதட்டோரம் லேசாக உள்ளே போகும். வலி என்றால் இடது புருவம் இறங்கும். 28 வருஷமாக அதைப் பார்த்துத்தான் பேச்சை நிறுத்தியிருக்கிறேன், மாற்றியிருக்கிறேன், காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. இப்போது அது ஒரு பக்கம் எழுத்து அழிந்த ஏடு. அவள் கோபமாக இருக்கிறாளா, களைப்பா, ஒன்றும் இல்லையா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான். அழகு இருந்த இடத்தில் எழுத்து வந்து உட்காரும். பார்ப்பதற்காக இருந்த முகம் படிப்பதற்கு ஆகிவிடும். படிக்கிறவன் கையெழுத்து அழகா என்று பார்ப்பதில்லை.

ஆராய்ச்சியிலும் இதையொட்டி ஒன்று இருக்கிறது. 2015இல் லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் மூவரும் அமெரிக்காவில் 167 ஜோடிகளை எடுத்துப் பார்த்தார்கள். அறிமுகமான கொஞ்ச நாளிலேயே ஜோடி சேர்ந்தவர்கள் அழகில் ஏறக்குறைய ஒரே தரமாக இருந்தார்கள். ரொம்ப நாள் பழகி, அதன் பிறகு சேர்ந்தவர்களிடம் அந்தப் பொருத்தம் குறைவு. பழகப் பழக, ஊரார் போடும் மதிப்பெண்ணை விட்டு ஒவ்வொருவரும் தங்கள் கண்ணால் பார்க்க ஆரம்பிக்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நம் பக்கம் வரிசை தலைகீழ். முன்பின் தெரியாமலே, பத்து நிமிஷத்தில் ஊரார் கண்ணால் பார்த்துச் சரி என்கிறோம். பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே அழகு மங்குவதுபோல முதல் சில வருஷத்தில் தோன்றினால் பயப்பட வேண்டாம். ஊரார் கண் விலகி உங்கள் கண் வருகிற நேரம் அது.

முகத்தைப் படிப்பதோடு இன்னொன்றும் சேர்ந்து வளரும். எங்கள் வீட்டில் யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன மொய் வைத்தோம், எந்தப் பங்காளிக்கு எந்த அறைச் சாவி, யார் யாருக்கு என்ன முறை, எல்லாம் அவள் தலையில். பத்திரம், வரி ரசீது, கடைக் கணக்கு என் தலையில். அவளுக்கு உதடு சேராமல் ப, ம எழுத்துகள் குழறியதால் போன் பேச மாட்டேன் என்றாள். அவளுக்கு வந்த போனையெல்லாம் நான் எடுத்தேன். "சின்ன ஆச்சி மகளுக்கு வேவு எடுக்குற சடங்குக்குப் போகணும், என்ன செய்யலாம்?" என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்ப்பேன். அவள் நோட்டில் எழுதிக் காட்டுவாள். என் நினைவில் பாதி என்னிடமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதைப் பற்றியே வேலை செய்தவர். 1991இல் வெளிவந்த அவருடைய சோதனையில், பழகிய ஜோடிகளையும் முன்பின் அறியாத இருவராகச் சேர்த்தவர்களையும் உட்கார வைத்து, சில செய்திகளை நினைவில் வைக்கச் சொன்னார்கள். யார் எதை நினைவில் வைப்பது என்று எதுவும் சொல்லாமல் விட்டபோது ஜோடிகள் நன்றாகச் செய்தார்கள். "நீ இதை, அவர் அதை" என்று வெளியிலிருந்து பிரித்துக் கொடுத்ததும் அவர்களே பின்தங்கினார்கள். சொல்லாமலே அமைந்த பங்கீடு ஒன்று அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்தது. புதுப் பங்கீடு அதைக் கலைத்துவிட்டது.

இனி நான் செய்த தப்பு. ஒரு உறவுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேற்றுவதாக நினைத்து, "இந்த வயசுல அழகையெல்லாம் யாரு பாக்குறா?" என்றேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு சொன்னாள்: "உங்களுக்கு வேணாம்னா போச்சா? எனக்கு என் முகம் வேணும்ல?" துணைவனுக்குக் குறைந்துபோகிற மதிப்பு, அந்த முகத்தைச் சுமப்பவளுக்குக் குறைவதில்லை. பெரியவர்கள் உங்களிடம் சொன்ன வாக்கியத்தை உங்கள் மனைவியிடம் ஒருநாளும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் அதே வாரத்தில் சொன்னாள். "எனக்கு நோவு வந்த பிறகுதான் நீங்க வாயைத் திறந்து என்ன வேணும்னு கேக்குறீங்க." யோசித்துப் பார்த்தேன், சரிதான். முகத்தைப் படிக்கத் தெரிந்ததாலேயே கேட்பதை விட்டிருந்தேன். தப்பாகப் படித்த நாட்களும் நிறைய இருந்திருக்கும். மகளைப் படிக்க வெளியூர் அனுப்பலாமா என்று பேசியபோது இவளுக்குச் சம்மதம் என்று நானே படித்துக்கொண்டேன். சம்மதம் இல்லையாம், அது களைப்பாம். பன்னிரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறாள்.

அழகு கண்ணில் படாமல் போவதும், ஆளே கண்ணில் படாமல் போவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். அவள் புதுச் சேலை கட்டியதை நீங்கள் கவனிக்காமல் போகலாம். அவள் சரியாகச் சாப்பிடாததையும் கவனிக்கவில்லை என்றால் அது பழக்கமல்ல, அலட்சியம்.

அவளுக்கு முகம் திரும்ப நாளாயிற்று. இரண்டாம் மாதம்தான் உதட்டோரம் துடித்தது. எட்டு மாதத்தில் பெரும்பாலும் சரியாகி, ஒன்று மட்டும் தங்கிவிட்டது. நரம்பு மறுபடி வளரும்போது இழைகள் இடம் மாறிச் சேர்வதால், அவள் சிரித்தால் இடது கண்ணும் சேர்ந்து பாதி மூடும்.

2024இல் எனக்கு அறுபதாம் கல்யாணம். கல்யாணத்தன்று கட்டிய கழுத்துருவை லாக்கரிலிருந்து எடுத்து மறுபடி அவள் கழுத்தில் பூட்டினார்கள். போட்டோ எடுக்க வந்த பையன், "ஆச்சி, அந்தக் கண்ணைக் கொஞ்சம் நல்லாத் திறங்க" என்று மூன்று தரம் சொன்னான். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது, கண் நன்றாகத் திறந்துகொண்டது. "இப்ப சரி" என்று கேமராவைத் தூக்கினான். "இருப்பா, அந்தக் கண்ணு மூடட்டும், அப்ப எடு" என்றேன்.